விட்டுப் பார்க்கிறவர்

கேள்வி: நான் குடிநோயாளி இல்லை. வாரத்தில் இரண்டு நாள், ராத்திரி நாலு பெக், அவ்வளவுதான். கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. 'சோபர் க்யூரியஸ்' என்கிறார்களே, அது இதுதானா? நோய் இல்லாதவன் விடுவதற்கு என்ன காரணம் சொல்வது?

பதில்: 'விட்டுப் பார்க்கலாம்' என்று எழுதினீர்களே, அந்தப் 'பார்' போதும். சோபர் க்யூரியஸுக்கு யாராவது 'நிதான ஆர்வம்' என்று சொல் செய்யக் கிளம்பினால் எனக்குக் கோபம் வரும். கேட்டுப் பார், தின்று பார் என்று நாள் முழுக்கப் பேசுகிற நமக்கு அந்த வினை கையிலேயே இருக்கிறது. விட்டுப் பார்க்கிறவர் சத்தியமும் செய்வதில்லை, தன்னை நோயாளி என்று சொல்வதுமில்லை. விட்டால் உடம்பில் என்ன மாறுகிறது என்று கவனிக்கிறார்.

1956-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிக்கு அடிமையாவதை நோய் என்று அறிவித்தது. அதனால் சிகிச்சை கிடைத்துப் பிழைத்தவர்கள் உண்டு, அதில் எனக்குச் சண்டை இல்லை. என் பழைய சண்டையெல்லாம், அப்புறம் நம் மனதில் பதிந்துபோன கணக்கோடுதான்: நோயாளி விட வேண்டும், மற்றவர்கள் விட வேண்டியதில்லை. மருத்துவர்களே 2013 முதல், மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் லேசு, நடுத்தரம், தீவிரம் என்று படிப்படியாகத்தான் பார்க்கிறார்கள்.

சரி, எதைப் பார்ப்பது? தூக்கத்தை. 30 மில்லி பெக் ஒன்றில் சுமார் 10 கிராம் ஆல்கஹால்; ஈரல் அதைக் கரைக்க ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோ ஆகும். ஒன்பது மணிக்குத் தொடங்கி நாலு பெக் என்றால் இரண்டு, மூன்று மணிவாக்கில்தான் ரத்தம் தெளியும். அதுவரை கனவுத் தூக்கம் அமுங்கிக் கிடக்கும், தெளியத் தெளிய மூளை விழித்துக்கொள்ளும். எனக்கும் மூன்று மணி விழிப்பு வருஷக்கணக்காக இருந்தது, வயசு என்றே நினைத்திருந்தேன். விட்ட முதல் வாரம் தூக்கம் இன்னும் மோசமானதால் பாதியில் கைவிடப் பார்த்தேன். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் கண் திறந்தபோது விடிந்திருந்தது, அந்தக் காலையை இன்னும் மறக்கவில்லை. அதனால் ஒரு வாரத்தோடு முடிவு கட்டாதீர்கள், முப்பது நாள் கொடுங்கள். படுத்த நேரத்தையும் நடுவில் விழித்த நேரத்தையும் தினமும் குறித்து வையுங்கள். காரணம் கேட்பவரிடம் 'தூக்கத்துக்காக' என்றால் போதும், அது உண்மையும்கூட.

இது உங்களைப் போல இடைவெளி விட்டுக் குடிப்பவருக்குத்தான். தினமும் நிறையக் குடித்து, காலையில் கை நடுங்கி, ஒரு வாய் குடித்ததும் நடுக்கம் அடங்குகிறவர் தானாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் உயிருக்கே ஆபத்தான பிதற்றலும் வரலாம். அவர் மருத்துவர் மேற்பார்வையில்தான் விட வேண்டும்.

முப்பது நாள் முடிந்து மறுபடி நாலு பெக் போட்டால், அன்று ராத்திரி எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.