எத்தனை பேர், எவ்வளவு நேரத்தில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் சிகிச்சையகத்தின் அன்றாட நோயாளி வருகைக்குப் பாய்சான் தொடர்புப்போக்கு மாதிரி ஒன்றைப் பொருத்தினேன். வெட்டுத்துண்டு 3.689, திங்கட்கிழமையின் கெழு 0.405, மழைநாளின் கெழு –0.223. திங்களுக்கான p மதிப்பு 0.001க்கும் குறைவு. திங்களன்று 9 மணி நேரமும் பிற நாட்களில் 6 மணி நேரமும் திறந்திருக்கிறோம். திங்களன்று 0.4 பேர் கூடுதலாக வருகிறார்கள் என்பதுதான் பொருளா? அன்றைக்கு மட்டும் இன்னொரு மருத்துவரைக் கேட்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. இந்த மாதிரி சராசரியின் இயல் மடக்கையைத்தான் கணிக்கிறது. ஆகவே கெழுவை அடுக்கேற்றிப் பெருக்கலாக வாசிக்க வேண்டும். exp(3.689) ஏறத்தாழ 40, மழையில்லாத சாதாரண நாளின் வருகை அது. exp(0.405) ஏறத்தாழ 1.5 என்பதால் திங்களன்று 60 ஆகிறது. மழை 0.8ஆல் பெருக்குவதால் மழைநாளில் 32, மழை பெய்யும் திங்களில் 48. கூடுதல் ஒருமுறை 20, மறுமுறை 16, மாறாதிருப்பது 1.5 மடங்கு மட்டுமே.

p மதிப்பைப் பற்றி இவ்வளவு பெருமிதம் வேண்டாம். பியர்சன் கை-வர்க்கத்தை வரையற்ற பாகையால் வகுத்துப் பாருங்கள். விடை 1ஐ ஒட்டி இருக்க வேண்டும். 4 வந்தால், அதன் வர்க்கமூலம் 2 என்பதால், திட்டப்பிழைகள் இரு மடங்காக வேண்டும், p மதிப்பும் கூடிவிடும்.

என்னை உறுத்துவது வேறு. எனக்குப் புள்ளியியல் கற்பித்த ஆசிரியர், எந்த எண்ணிக்கையைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "எவ்வளவு நேரத்தில்?" என்று கேட்காமல் தாளைத் தொடமாட்டார். 9 மணி, 6 மணி என்று நீங்களே எழுதிவிட்டு, அதை மாதிரிக்குள் வைக்காமல் விட்டீர்களே, இது நியாயமா? 9ஐ 6ஆல் வகுத்தாலும் அதே 1.5 தான். 40 பேர் 6 மணி நேரத்தில், 60 பேர் 9 மணி நேரத்தில்: இரண்டிலும் மணிக்கு 6.7 பேர். நேரத்தின் மடக்கையை ஆஃப்செட்டாக, அதாவது கெழு 1 என்று நிலைநிறுத்திச் சேர்த்துவிட்டால் திங்களின் கெழு சுழியத்தை ஒட்டி வந்துவிடும்.

```
glm(visits ~ monday + rain + offset(log(hours)), family = poisson)
```

ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். கதவு கூடுதல் நேரம் திறந்திருந்தால் வருகையும் அதே விகிதத்தில் பெருகும் என்பது ஆஃப்செட்டின் அனுமானம். அதைச் சோதிக்க நேரத்தைச் சாதாரண மாறியாக வைத்து, கெழு 1ஐ ஒட்டி வருகிறதா என்று பார்க்கலாம். உங்கள் தரவில் அதற்கு வழியில்லை. எல்லாத் திங்களும் 9, மற்றவையெல்லாம் 6 என்று இருக்கும்போது, கிழமையின் விளைவையும் நேரத்தின் விளைவையும் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது.

வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவரும் வந்த நேரம் இருந்தால், மற்ற நாட்களில் நீங்கள் திறந்திருக்கும் அதே 6 மணி நேரத்துக்குள் திங்களன்று வந்தவர்களை மட்டும் எண்ணுங்கள். அது 40ஐ ஒட்டி இருந்தால் இன்னொரு மருத்துவரைக் கேட்கக் காரணமில்லை. 60ஐ நெருங்கினால் கேளுங்கள், அந்த 6 மணி நேரத்துக்கு மட்டும்.