பூக்கடை ஆர்டருக்கு பிளானர், வொர்க்கர் தேவையா?

"மாட்டுத்தாவணியில் பூ மொத்த வியாபாரம். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டரைப் படித்து பில் போடும் AI-யை, திட்டம் போடும் பிளானர், வேலையைச் செய்யும் வொர்க்கர் என்று பிரிக்கணுமா?"

வேண்டாம். "நாளைக்குக் காலையில 5 கிலோ மல்லி, 2 கிலோ பிச்சி" என்ற செய்தியில் படிகள் முன்கூட்டியே தெரிந்தவை: பூவையும் எடையையும் தேதியையும் எடு, அன்றைய விலையைப் பார், பில் போடு. ஒரே ஏஜென்ட், விலைப்பட்டியலைத் தேடும் ஒரு டூல் போதும். பெருக்கல், கூட்டலை மட்டும் மாடலிடம் விடாதீர்கள், அது நிரலின் வேலை.

கல்யாண ஆர்டர் வேறு. மணவறை, மாலை, சரம் என ஒவ்வொரு வீட்டுக்கும் பட்டியல் மாறும். படிகளை ஆர்டரைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய முடியும். பிளானருக்கு அங்கேதான் வேலை.

அதில் பெரும்பாலும் கோளாறு வருவது வேலையைக் கைமாற்றும் இடத்தில். பிளானர் "மல்லி விலை பார்" என்று மட்டும் அனுப்பினால், மூலச் செய்தியைப் பார்க்காத வொர்க்கர் இன்றைய விலையை எடுத்துவிடும். முகூர்த்த நாள் விலையோ எங்கேயோ நிற்கும். அதனால் ஒவ்வொரு வேலைச் சீட்டும் தனியாகப் படித்தாலே புரிய வேண்டும்:

```json
{"task": "விலை", "item": "மல்லி", "kg": 12,
 "date": "முகூர்த்த நாள்", "if_missing": "இல்லை"}
```

கடைசிப் புலம் முக்கியம்: விலை கிடைக்காவிட்டால் "இல்லை" என்றே பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள். அது இல்லாவிட்டால் வொர்க்கர் விலையை ஊகித்து நிரப்பும், பில்லும் சரியானது போலவே தெரியும். "இல்லை" என்று வந்தால் பிளானர் 2 முறைக்கு மேல் திட்டத்தை மாற்றாமல் கடைக்காரரிடம் கேட்கட்டும்.

பழைய ஆர்டர் 30 எடுத்து இரண்டு முறையிலும் ஓட்டி, கையால் போட்ட பில்லோடு ஒப்பிடுங்கள். பிழை குறையவில்லை என்றால் ஒற்றை ஏஜென்டையே வைத்துக்கொள்ளுங்கள்.