ஓடும்போது விலாவுக்குக் கீழே குத்துவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 23. தினமும் காலையில் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். இரண்டாவது கிலோமீட்டர் தாண்டியதும் வலது விலாவுக்குக் கீழே கத்தியால் குத்துவதுபோல வலிக்கிறது. சில நாட்களில் வலது தோள்பட்டை நுனியிலும் வலி வருகிறது. நின்றுவிட்டால் ஐந்து நிமிடத்தில் போய்விடும். வெறும் வயிற்றில் ஓடக்கூடாது என்று, கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு பெரிய டம்ளர் பழச்சாறு குடிக்கிறேன். கல்லீரலில் ஏதாவது கோளாறு இருக்குமா?

மருத்துவர் பதில்: கல்லீரல் கோளாறுக்கான அடையாளம் எதுவும் நீங்கள் சொன்னதில் இல்லை. ஓடும்போது மட்டும் வருகிறது, நின்றால் சில நிமிடங்களில் மறைகிறது, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் குத்துகிறது. இது ஓட்டக்காரர்கள் பலரும் அறிந்த விலாப் பிடிப்புதான். இடது பக்கமும் வரும் என்றாலும், வலது பக்கம் வருவதே அதிகம். இளம் வயதினருக்குத்தான் அடிக்கடி வரும். வயது கூடக்கூடக் குறையும்.

வலி வரும்போது அது இருக்கும் இடத்தை உங்களால் ஒரே விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும். காரணத்தைப் புரிந்துகொள்ள இது நல்ல தடயம். குடல், இரைப்பை போன்ற உள்ளுறுப்புகளிலிருந்து கிளம்பும் வலி மந்தமாக, வயிற்றின் நடுப்பகுதியில் பரவலாகத் தெரியும்; இங்கேதான் என்று காட்ட வராது. வயிற்றுச் சுவரின் உட்புறத்தை ஒட்டி பெரிட்டோனியம் என்ற மெல்லிய உறை இருக்கிறது. அந்த உறை உரசினாலோ இழுபட்டாலோ, விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகள் வழியாக வலி கூர்மையாக, இடம் பிசகாமல் உணரப்படும்.

உங்கள் தோள்பட்டை வலிக்கும் இந்த உறையே விளக்கம் தருகிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் அடிப்பக்கத்தையும் இதே உறைதான் மூடியிருக்கிறது. அதன் நடுப்பகுதிக்கு உணர்வு தரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. தோள்பட்டை நுனியின் தோலுக்குப் போகும் நரம்பும் தண்டுவடத்தின் அதே பகுதியிலிருந்துதான் கிளம்புகிறது. அதனால் உதரவிதானத்தின் அடியில் உரசல் ஏற்பட்டால், வலி தோளில் இருப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. தோளில் எந்தக் காயமும் இல்லை. விலாப் பிடிப்போடு சேர்ந்து வந்து, அதோடு சேர்ந்தே மறையும் தோள் வலிக்குத் தைலம் தேய்த்துப் பயனில்லை.

உதரவிதானத்துக்கு ரத்தம் போதவில்லை, அதனால்தான் பிடிக்கிறது என்று வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். ஆனால் குதிரைச் சவாரி செய்கிறவர்களுக்கும் இந்த வலி அடிக்கடி வருகிறது. அவர்களுக்கு ஓட்டக்காரர்கள் அளவுக்கு மூச்சு வாங்குவதில்லை. கல்லீரல் குலுங்குவதால் அதைத் தாங்கும் தசைநார்கள் இழுபடுகின்றன என்பது இன்னொரு விளக்கம். நீச்சல்காரர்களுக்குக் காலை தரையில் ஊன்றும் அதிர்வே கிடையாது, அவர்களுக்கும் வலி வருகிறது. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கோ மூச்சு வாங்கினாலும் இது குறைவுதான். உடல் நிமிர்ந்த நிலையில் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொள்ளும் அல்லது குலுங்கும் செயல்களில்தான் வலி அதிகம். முழு முடிவு இன்னும் எட்டப்படவில்லை என்றாலும், உறை உரசுகிறது என்ற விளக்கம்தான் இவற்றுக்கெல்லாம் நன்றாகப் பொருந்துகிறது. வயிறு நிறைந்திருந்தால் வலி கூடுவதற்கும் அதுவே பொருந்தும்: இரைப்பை உப்பும்போது உறைமேல் அழுத்தம் கூடி, உரசலும் கூடுகிறது.

இனி உங்கள் டம்ளருக்கு வருவோம். பெரிய டம்ளர் என்றால் 300 மில்லியாவது இருக்கும். பழச்சாற்றில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை உண்டு. ஆக 30 கிராம் சர்க்கரையோடு கிளம்புகிறீர்கள். இவ்வளவு அடர்த்தியான திரவத்தை இரைப்பை தண்ணீரைப்போல உடனே குடலுக்குத் தள்ளிவிடாது. அரை மணி நேரம் கழித்து ஓடத் தொடங்கும்போதும் அதில் கணிசமான பகுதி உள்ளேயே இருக்கும். பழச்சாறும் இனிப்பு பானங்களும் வெறும் தண்ணீரைவிட இந்த வலியை அதிகம் தூண்டுகின்றன. உங்கள் வலிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஆரோக்கியமான ஒருவர் அரை மணி நேரம் ஓடுவதற்கு முந்தைய இரவு உணவே போதும். (சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.)

இரண்டு வாரம் இதை மட்டும் மாற்றிப் பாருங்கள். பழச்சாற்றை ஓடி முடித்த பிறகு குடியுங்கள். கிளம்பும் முன் தாகம் இருந்தால் இரண்டு மூன்று மடக்குத் தண்ணீர் போதும். மாலையில் ஓடினால் முழுச் சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். வேகம், தூரம், காலணி எதையும் இந்த நாட்களில் மாற்ற வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

வலி குறையாவிட்டால் அடுத்து முதுகைக் கவனியுங்கள். கூன் போட்டு ஓடுகிறவர்களுக்கு இது அதிகம் வருகிறது. களைத்ததும் தலை தாழ்ந்து தோள்கள் முன்னால் விழுகின்றனவா என்று பக்கவாட்டிலிருந்து ஒருவரை வீடியோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். முதல் கிலோமீட்டரில் நேராக இருப்பவர் இரண்டாவதில் வளைந்துவிடுவதுண்டு. பார்வையைத் தரையிலிருந்து உயர்த்தி 20 மீட்டர் தள்ளி வைத்தாலே முதுகு ஓரளவு நிமிரும். வயிற்றைச் சுற்றி அகலமான எலாஸ்டிக் பட்டி கட்டிக்கொண்டாலும் சிலருக்கு வலி குறைகிறது.

ஓட்டத்தின் நடுவே பிடித்துக்கொண்டால் நடைக்கு மாறுங்கள். வலிக்கும் இடத்தில் இரண்டு விரல்களை ஊன்றி அழுத்தி, இடுப்பிலிருந்து சற்று முன்னால் குனியுங்கள். உதடுகளைக் குவித்து, வயிற்றை உள்ளிழுத்தபடி, மூச்சை மெதுவாக முழுவதும் வெளியே விடுங்கள். வலி பயத்தில் பலரும் மேலோட்டமாக மூச்சு விடுவார்கள், அது உதவாது. ஏழெட்டு முறை இப்படிச் செய்து, குத்தல் நின்ற பிறகு மெதுவாக ஓடத் தொடங்குங்கள். கடுமையாகப் பிடித்திருந்தால் அந்த இடம் ஓரிரு நாள் தொட்டால் நோகலாம். அதற்குச் சிகிச்சை தேவையில்லை.

ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் ஓய்வில் இருக்கும்போதே வலி வந்தாலும், ஓட்டத்தை நிறுத்தியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல், வாந்தி, கண்ணில் மஞ்சள் இவற்றில் ஏதாவது சேர்ந்தாலும் அப்படித்தான். எண்ணெய்ப் பதார்த்தம் சாப்பிட்ட பிறகு வலது விலாவின் கீழ் மணிக்கணக்கில் வலித்தால் பித்தப்பைக் கல் இருக்கலாம். வயிற்றில் அல்லது விலாவில் அடிபட்ட பிறகு தோள் நுனி வலி வந்தால் உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டில் 40 வயதைத் தாண்டியவர் யாருக்காவது வேகமாக நடந்தால் மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ இறுக்கமும் வியர்வையும் வந்து, நின்றால் விட்டுப்போகிறது என்றால், அதை விலாப் பிடிப்பு என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். இதய வலியும் நின்றால் குறையும். அவருக்கு அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும்.