குடும்பங்களோட செலவப் பாக்க வயசு வச்சு வாழ்க்கை ஸ்டேஜ் பிரிச்சா ஏன் குழம்புது?

"சர்வேல 40–45 வயசு குரூப்ல பாதி பேர் டயப்பர் வாங்குறாங்க, பாதி பேர் காலேஜ் ஃபீஸ் கட்டுறாங்க. எந்த ஸ்டேஜ்ல போடுறது?"

கடைசி குழந்தையோட வயசப் பாத்துப் போடுங்க. 1966-ல மார்க்கெட்டிங் ஆய்வாளர்கள் வெல்ஸும் கூபாரும் குடும்ப வாழ்க்கைச் சுழற்சின்னு போட்ட பிரிவே அப்படித்தான், பிள்ளைங்க இருக்குற குடும்பத்த நிறைஞ்ச கூடுன்னு சொல்லி மூணா பிரிச்சாங்க, கடைசிக் குழந்தை 6 வயசுக்குக் கீழன்னா நிறைஞ்ச கூடு 1, அதுக்கு மேலன்னா 2, பெத்தவங்களுக்கு வயசாகியும் பிள்ளைங்க அவங்க காசுலயே இருந்தா 3. நீங்க குடும்பத் தலைவர் வயச மட்டும் வச்சுப் பிரிச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன், அதான் எல்லாம் கலந்து போச்சு.

உதாரணமா 43 வயசு அப்பா, பிள்ளைங்களுக்கு 14, 3. இவர் நிறைஞ்ச கூடு 1-லதான் வருவார், ஆனா டியூஷன் ஃபீஸும் கட்டுவார், அதனால மூத்த குழந்தை வயசையும் ஷீட்ல தனி நெடுவரிசையா வச்சுக்கோங்க.

இளவயசு, முதுமைன்னு ரெண்டு முனையிலயும் வயச மட்டும் பாத்தா இதே சிக்கல்தான். தனியா ரூம் எடுத்துப் படிக்கிற பையனுக்கு வாடகை, போன், டிரெஸ்ஸுன்னு போகும், அதே வயசுல கல்யாணமானவங்க ஃபிரிட்ஜு கட்டிலுன்னு வாங்குவாங்க. 60-க்கு மேல போனா வேலைல இருக்காங்களா ரிட்டயர்டான்னு கட்டாயம் கேட்டிருக்கணும், ஏன்னா பிள்ளைங்க தனியா போயும் சம்பளம் வர்றவங்கதான் டூர், வீட்டு ரிப்பேர்னு செலவு பண்ணுவாங்க, சம்பளம் நின்னதும் மருந்துச் செலவு முன்னாடி வந்துரும்.

ஷீட்ட இந்த ஸ்டேஜ்படி புதுசா வரிசைப்படுத்தி டயப்பர் செலவு ஒரே குரூப்ல சேருதான்னு பாருங்க.

ஆனா விவாகரத்தானவங்க, குழந்தை இல்லாதவங்க இந்தப் பழைய பட்டியல்ல அடங்க மாட்டாங்க, அவங்களுக்கு 1979-ல மர்ஃபியும் ஸ்டேபிள்ஸும் திருத்துனத எடுத்துக்கோங்க.