திரையை அணைத்தால் பாடம் நிற்கிறது: கோளாறு போனிலா, திட்டத்திலா?

கேள்வி: சார், காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். வழியில் யூடியூபில் குரூப் 4 பாடம் கேட்பேன். திரையை அணைத்தால் சத்தமும் நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப் பார்க்க வெளியே வந்தால் வீடியோ சின்னப் பெட்டியாக மாறுவதில்லை, அண்ணன் போனில் மாறுகிறது. வேகத்தை மட்டும் சும்மாவே கூட்ட முடிகிறது. என் ஆண்ட்ராய்டு போன் விலை குறைந்தது. அதில் கோளாறா, இல்லை பணம் கட்டித்தான் ஆகவேண்டுமா?

பதில்: பணம் கட்டும் முன் சத்தம் எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள். திரையை அணைத்த அதே நொடியில் நின்றால், நிறுத்துவது செயலிதான். போன் சொன்னதைச் செய்கிறது, அவ்வளவே. ஐந்து பத்து நிமிடம் ஓடிவிட்டு நின்றால் அது போனின் பேட்டரி சிக்கன வேலை. முதல் வகைக்குத்தான் பணம் மருந்து. இரண்டாவது வகையில் பணம் கட்டினாலும் பாடம் பாதியில் நிற்கும். கட்டிய பிறகும் நிற்கிறதே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

நீங்கள் எழுதியிருப்பது முதல் வகைபோலத் தெரிகிறது. ஆனாலும் சோதித்துவிடுங்கள். போனிலேயே சேமித்து வைத்த ஒரு பாட்டைப் பாட்டுச் செயலியில் போட்டு, திரையை அணைத்து, கால் மணி நேரம் விடுங்கள். தொடர்ந்து பாடினால் போனில் குறையில்லை.

திரை அணைந்தபின் ஒரு செயலி சத்தம் கொடுக்க வேண்டும் என்றால், ‘நான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்று அது ஆண்ட்ராய்டுக்கு அறிவித்தாக வேண்டும். மேலிருந்து இழுத்தால் வரும் அறிவிப்புப் பட்டியில் பாட்டின் பெயரும் நிறுத்தும் பொத்தானும் தெரிகிறதே, அதுதான் அந்த அறிவிப்பு. படத்தை வரைய திரை இல்லை என்பதால் செயலி படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் தொடரலாம். இதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் படம் வரையும் வேலை மிச்சமாவதால் பேட்டரியும் குறைவாகத்தான் செலவாகும். சில போன்கள் இந்த அறிவிப்பையும் மதிக்காமல், சிக்கனம் என்ற பெயரில் செயலியை மூடிவிடும். அப்படி நடந்தால் அமைப்புகளில் அந்தச் செயலியைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் Unrestricted என்று மாற்றுங்கள். சில போன்களில் Autostart என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கும், அதையும் போடுங்கள்.

அப்புறம் சின்னப் பெட்டி. இதை வரைவது யூடியூப் அல்ல, போனின் இயங்குதளம். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் போன்களுக்கு இந்த வசதி உண்டு, ஐபோனுக்கு 2020-ல் ஐஓஎஸ் 14-உடன் வந்தது. ‘நான் வெளியே போகும்போது என்னைச் சின்னதாக்கி ஓரத்தில் வை’ என்று செயலி கேட்க வேண்டும், இயங்குதளம் வைக்கும். செயலி கேட்கவில்லை என்றால் பெட்டி வராது. செயலி கேட்டும் போன் மறுக்கலாம். நினைவகம் மிகக் குறைந்த போன்களில் இந்த வசதியையே எடுத்துவிட ஆண்ட்ராய்டு இடம் கொடுக்கிறது. உங்கள் போன் விலை குறைந்தது என்பதால் இதை முதலில் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? கூகுள் மேப்ஸில் ஓசூருக்கு வழி போட்டு, பயணத்தைத் தொடங்கி, முகப்புக்கு வாருங்கள். வரைபடம் சின்னப் பெட்டியாக ஓரத்தில் நின்றால் உங்கள் போனுக்கு அந்தத் திறமை இருக்கிறது. வரவில்லை என்றால் அமைப்புகளில் Special app access என்ற இடத்துக்குப் போய், Picture-in-picture பட்டியலில் மேப்ஸும் யூடியூபும் அனுமதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பட்டியலே இல்லாவிட்டால், அல்லது அனுமதி கொடுத்தும் எந்தச் செயலிக்கும் பெட்டி வராவிட்டால், போன் பக்கம்தான் தடை. அதற்கு எந்தத் திட்டமும் உதவாது. மேப்ஸுக்குப் பெட்டி வந்து யூடியூபுக்கு மட்டும் வராவிட்டால் அது கணக்கையும் திட்டத்தையும் பொறுத்த விஷயம். யூடியூபின் சொந்த அமைப்புகளிலும் இதற்கு ஒரு பொத்தான் உண்டு. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது முகப்புக்கு வந்தால்தான் பெட்டியாகும், நிறுத்தி வைத்துவிட்டு வந்தால் ஆகாது என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

அண்ணன் போனில் வருகிறதே என்றால், அவருடைய கூகுள் கணக்கில் கட்டணத் திட்டம் இருக்கக்கூடும். அது போனுக்கு உரியது அல்ல, கணக்கோடு போவது. ஒரே போனில் இரண்டு கணக்குகள் வைத்திருப்பவர்கள் கட்டாத கணக்கில் நுழைந்துவிட்டு, ‘நேற்று இருந்தது, இன்று காணோம்’ என்பார்கள். வலது கீழ் மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டால் எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

செய்வது இவ்வளவு எளிது என்றால் ஏன் காசு? வீட்டில் கணினி இருந்தால் அதே பாடத்தை அதில் ஓடவிட்டு, உலாவியில் வேறு பக்கத்துக்கு மாறிப் பாருங்கள். காசில்லாமலே சத்தம் தொடரும். அதே நிறுவனம், அதே வீடியோ. போனில் மட்டும் அடைத்து வைத்திருப்பது வியாபார முடிவு.

அந்த முடிவுக்குக் காரணம் இரண்டு. இலவசமாகப் பார்ப்பவரிடமிருந்து வரும் வருமானம் விளம்பரம். வீடியோ விளம்பரத்துக்குப் பணம் கொடுப்பவர் அதை ஒருவர் கண்ணால் பார்ப்பார், வேண்டுமானால் தொடுவார் என்ற கணக்கில்தான் கொடுக்கிறார். திரை அணைந்து போன் பைக்குள் இருந்தால் அந்தக் கணக்கு உடைந்துபோகிறது. ஸ்பாட்டிஃபை இலவசமாகவே திரை அணைந்தும் பாடுகிறது என்றால், அதன் விளம்பரம் காதால் கேட்பதற்காகவே செய்யப்பட்டது.

இரண்டாவது காரணம் பாட்டு உரிமை. திரை அணைந்த யூடியூப் ஒரு பாட்டுச் செயலியாகிவிடுகிறது. பாட்டுக் கம்பெனிகள் அதற்குத் தனியாக விலை கேட்கும். இது ஊகம் இல்லை, யூடியூபின் விதியிலேயே தெரிகிறது: அமெரிக்காவில் சின்னப் பெட்டியை இலவசமாகத் திறந்துவிட்டபோதும் பாட்டு வீடியோக்களை மட்டும் விலக்கி வைத்தார்கள். மற்ற நாடுகளில் நெடுங்காலம் அது கட்டணத் திட்டத்துக்குள்ளேயே இருந்தது. பின்னணியில் ஓடுவதை 2015-ல் அமெரிக்காவில் கட்டணத் திட்டத்தில் வைத்து விற்றார்கள். அதுதான் பிரீமியம் என்ற பெயரில் 2019 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. தனிப்பட்ட முறையில், பாட்டுக்கு இந்தத் தடை நியாயம் என்றே நினைக்கிறேன். கரும்பலகையும் குரலும் மட்டும் உள்ள பாடத்துக்கு அதே பூட்டைப் போடுவது கொஞ்சம் அதிகம்தான்.

வேகம் ஏன் இலவசம் என்பதும் இதிலிருந்தே புரியும். நீங்கள் வேகத்தைக் கூட்டினாலும் விளம்பரம் தன் வேகத்தில்தான் ஓடும், திரையும் எரிந்துகொண்டிருக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை. யூடியூபில் 2 மடங்கு வரை யாரும் போகலாம், அதற்கு மேலே உள்ளதைத்தான் காசுக்கு வைத்திருக்கிறார்கள். சினிமாக்காரர்கள் மட்டும் இதை விரும்புவதில்லை. 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் வேக மாற்றத்தைச் சோதித்துப் பார்த்தபோது ஹாலிவுட் இயக்குநர்கள் சிலர் வெளிப்படையாகவே சண்டைக்கு வந்தார்கள்.

வேகம் கூட்டும் வேலை முழுக்க உங்கள் போனுக்குள் நடக்கிறது. ஒலியை வெறுமனே வேகமாக ஓட்டினால் ஆசிரியர் குரல் கீச்சென்று ஆகிவிடும். அதனால் ஒலியை மிகச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றுபோல் இருக்கும் துண்டுகளில் சிலவற்றை நீக்கி, மிச்சத்தை ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் சேர்க்கிறார்கள். பேச்சில் நீண்டு வரும் உயிரொலிகளுக்கு இது நன்றாகவே பொருந்தும். தாளம் மாட்டிக்கொள்ளும்: ஒரு பறை அடியின் கூர்மை துண்டு மாறும் இடத்தில் விழுந்தால் மழுங்கிப்போகும். 0.5 வேகத்தில் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதற்குக் காரணம், அங்கே அதே துண்டுகள் திரும்பத் திரும்ப வைக்கப்படுகின்றன.

உங்கள் பயணத்துக்கு வருவோம். 50 நிமிடப் பாடம் 1.25 வேகத்தில் 40 நிமிடத்தில் முடியும், 1.5 வேகத்தில் 33 நிமிடத்துக்குச் சற்று மேல். டேட்டா மொத்தத்தில் அதிகமாகாது, பாடம் அதே பாடம்தான். ஆனால் முன்கூட்டி இறக்கி வைத்த 30 நொடி வீடியோ 1.5 வேகத்தில் 20 நொடியில் தீர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் சிக்னல் மெலியும் இடத்தில் சாதாரண வேகத்தில் நிற்காத பாடம் இதனால்தான் சுற்றிக்கொண்டு நிற்கும். தரத்தை 144 அல்லது 240-க்கு இறக்குங்கள், பாடத்துக்கு அது போதும். 2 மடங்கில் படம் தத்தினாலோ போன் சூடானாலோ, நொடிக்கு இரட்டிப்புப் படங்களைப் பிரித்துக் காட்ட முடியாமல் அது திணறுகிறது என்று பொருள். அப்போதும் தரத்தைக் குறைத்தால் சரியாகும்.

காசில்லாமல் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. உங்கள் ஆசிரியர் அதே தொடரைப் பாட்காஸ்டாகவும் போட்டிருக்கிறாரா என்று யூடியூப் மியூசிக் செயலியில் தேடுங்கள். பாட்காஸ்ட் என்று குறிக்கப்பட்டவை அங்கே கட்டணமில்லாமலே திரை அணைந்தும் ஓடும். இல்லையென்றால் திரையை எரியவிட்டு வெளிச்சத்தைக் குறைத்து, வீடியோவின் பல்சக்கரக் குறியில் Lock screen போட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கை பட்டு வீடியோ மாறாது. பேட்டரி கொஞ்சம் போகும்தான்.

‘பிரீமியம் இலவசம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செயலிக் கோப்புகள் வேண்டாம். அவை உங்கள் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தக் கணக்கில்தான் உங்கள் மெயிலும் படங்களும் இருக்கின்றன. அந்த வகையில் புகழ்பெற்ற வான்ஸ்ட் என்ற செயலியும் கூகுளின் சட்ட நோட்டீசுக்குப் பின் 2022-ல் மூடப்பட்டது.

கட்டுவது என்று முடிவெடுத்தால் விலையைப் பார்க்கும் முன் பட்டியலைப் படியுங்கள். பிரீமியம் லைட் 2025-ல் இந்தியாவுக்கு வந்தபோது அதில் விளம்பரம் குறைந்ததே தவிர, பின்னணியில் ஓடும் வசதி கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கியவர்களுக்குத் திரை அணைந்தபோது பாடமும் நின்றது. கட்டும் நாளில் அந்தத் திட்டத்தின் பட்டியலில் பின்னணியில் ஓடும் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். எடுத்த கையோடு தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டாலும், கட்டிய மாதம் முடியும் வரை வசதி இருக்கும்.