வளைந்த நிலைக்கால்: லென்ஸா, லிக்விஃபையா?

"எங்கள் துணிக்கடைக்காக எடுத்த மாடல் படத்தில், இடுப்புக்குப் பக்கத்தில் கதவு நிலை லேசாக வளைந்திருக்கிறது. இடுப்பை ஒடுக்கினீர்களா என்று கேட்டால், 'இல்லை, லென்ஸ் வளைவு' என்கிறார் எடிட்டர். யார் சொல்வது சரி?"

வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள். லென்ஸ் வளைத்தால் நிலைக்கால் மேலிருந்து கீழ்வரை ஒரே வில்லாக வளையும். படத்தின் ஓரத்துக்குப் போகப் போக வளைவு கூடும். எதிர்ப்பக்க ஓரத்திலும் அதே அளவு இருக்கும். படத்தில் உருவத்தைத் தள்ளி ஒடுக்கவோ அகலப்படுத்தவோ உதவும் எடிட்டிங் கருவியான லிக்விஃபை அப்படியல்ல. முழங்கால் வரை நேராக வரும் கோடு இடுப்பருகே மட்டும் வளைந்து, தோளுக்கு மேலே மறுபடி நேராகிவிடும். பிரஷ் வட்டமானது, இடுப்பை உள்ளே தள்ளும்போது அதன் வட்டத்துக்குள் இருக்கும் பின்னணியும் சேர்ந்து நகர்கிறது.

திசையும் பேசும். மாடல் படத்தின் நடுவில் நின்றால், வைட் லென்ஸ் நிலைக்காலின் நடுப்பகுதியை அவரைவிட்டு வெளியே தள்ளும். இடுப்பை ஒடுக்கிய படத்திலோ அது அவரை நோக்கிப் புடைக்கும். சில ஜூம் லென்ஸ்களும் உள்நோக்கி வளைக்கும் என்பதால் திசையை மட்டும் நம்பாதீர்கள். வளைவு முழு நீளத்துக்கும் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வளைவு கண்ணுக்குப் பிடிபடவில்லையா? படத்தின் அகலத்தை அப்படியே விட்டு, உயரத்தை மட்டும் ஐந்தில் ஒரு பங்காகக் குறையுங்கள். செங்குத்துக் கோட்டிலுள்ள சின்ன நெளிவும் பெரிதாகத் தெரியும். தச்சர் பலகையை ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்ப்பதும் இதற்காகத்தான்.

டைல்ஸ் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பலரும் படுக்கைக் கோட்டைப் பார்த்து ஏமாறுகிறார்கள். இடுப்பைப் பக்கவாட்டில் தள்ளும்போது படுக்கைக் கோடு தன் திசையிலேயே நகர்வதால் நேராகவே இருக்கும். மாறுவது டைலின் அகலம். இடுப்புக்கு வெளியே இருக்கும் டைலையும், அதற்கு நேர் கீழே முழங்கால் உயரத்தில் இருக்கும் டைலையும் அளந்து பாருங்கள். கீழே 80 பிக்சல், இடுப்பருகே 90 என்று வந்து, மேலே தோள் உயரத்தில் மறுபடி 80 ஆனால், அங்கே இழுத்திருக்கிறார்கள். இடுப்பை அகலப்படுத்தியிருந்தால் அதே டைல் ஒடுங்கியிருக்கும்.

ஆனால் கோடு நேராக இருப்பதால் மட்டும் படத்தில் கை வைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. பின்னணியை நகராதபடி ஃப்ரீஸ் செய்துவிட்டோ, வளையாத நிலையைத் தனி லேயரில் மேலே வைத்தோ வேலை செய்ய முடியும். வெற்றுச் சுவரிலும் மங்கலான பின்னணியிலும் அளக்கவே ஒன்றும் இருக்காது. பழைய வீடென்றால் நிலையே கோணலாக இருக்கலாம்.

அதனால் எடிட்டரிடம் மூலப்படத்தைக் கேளுங்கள். லென்ஸ் வளைவென்றால் அதிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். தராவிட்டால், அதே கதவருகே அதே கோணத்தில் எடுத்த வேறொரு ஷாட்டை, அடியில் உள்ள படமும் தெரியும்படி 50% ஒபாசிட்டியில் மேலே வைத்து, நிலையின் மேல்முனையையும் கீழ்முனையையும் பொருத்துங்கள். முனைகள் பொருந்தி இடுப்பருகே மட்டும் விலகினால், அது லென்ஸின் வேலையல்ல.