தீப்பிடித்த வீடு, மாற்று வாடகை, இடிபாடு அகற்றும் செலவு: பாலிசி எதைத் தரும்?

கேள்வி: திருச்சியில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. கேஸ் கசிந்து தீப்பிடித்ததில் சமையலறைச் சுவர் இடிந்து, மேல்தளக் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. மறுநாளே மாதம் ரூ. 16,000 வாடகைக்கு வேறு வீட்டுக்குப் போய்விட்டோம். இடிபாடுகளை அகற்ற ஒப்பந்ததாரர் ரூ. 60,000 கேட்கிறார். எங்களிடம் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி இருக்கிறது. வாடகையும் இந்தச் செலவும் கிடைக்குமா? சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டுச் சர்வேயர் வருவதற்குள் இடிபாடுகளை அள்ளிவிடலாமா?

பதில்: இடிபாடுகளை இப்போது அள்ள வேண்டாம். சேதத்தை நேரில் பார்க்கும் வாய்ப்பைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தர வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. யார் மீதாவது விழக்கூடிய சுவருக்கு முட்டுக் கொடுப்பது, மழை இறங்காமல் தார்ப்பாய் கட்டுவது போன்ற அவசரப் பாதுகாப்பு வேலைகளைத் தாராளமாகச் செய்யலாம். அவற்றுக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விபத்தை நிறுவனத்துக்கு இன்னும் தெரிவிக்கவில்லை என்றால் இன்றே தெரிவித்து, சேதத்தைக் கண்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கோரிக்கைப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் இடிபாடு. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் வழங்கிவரும் இந்தப் பாலிசியில், இடிபாடு அகற்றும் நியாயமான செலவுக்குக் கோரிக்கைத் தொகையில் 2 சதவீதம் வரை உண்டு. பலரும் இதைக் காப்பீட்டுத் தொகையின் 2 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வீடு ரூ. 40 லட்சத்துக்குக் காப்பீடு செய்யப்பட்டிருந்தால் ரூ. 80,000 வரும், ஒப்பந்ததாரர் கேட்பது அதற்குள் அடங்கிவிடும் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் கட்டடச் சேதம் ரூ. 11 லட்சம் என்று முடிவானால், இந்தத் தலைப்பில் கிடைக்கக்கூடியது ரூ. 22,000 மட்டுமே. மீதி ரூ. 38,000 உங்கள் கையிலிருந்துதான் போகும்.

அந்த இடைவெளியைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. ஒப்பந்ததாரர் 'இடிபாடு வேலை, மொத்தம் ரூ. 60,000' என்று ஒரே வரியில் எழுதித் தந்தால், சர்வேயர் அது முழுவதையும் 2 சதவீத வரம்புக்குள் போட்டுவிடுவார். தளத்தில் தளர்ந்துபோன கான்கிரீட்டைக் கொத்தி எடுத்துக் கம்பியைச் சுத்தம் செய்வது, புதுக் கான்கிரீட் போடுவதற்கு முன் செய்தே ஆக வேண்டிய பழுதுபார்ப்பு வேலை. கீழே கிடப்பதை அள்ளி, டிப்பரில் ஏற்றி, மாநகராட்சி அனுமதிக்கும் இடத்தில் கொட்டுவதுதான் இடிபாடு அகற்றுவது. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பீடு வாங்கி, முதலாவதைப் பழுதுபார்ப்புச் செலவோடு சேர்க்கும்படி சர்வேயரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் ஏற்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பிரித்துக் கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதே இல்லை.

"கம்பியையும் கதவு நிலைகளையும் எனக்குக் கொடுத்துவிடுங்கள், லோடு அடித்துத் தருகிறேன்" என்று ஒப்பந்ததாரர் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். எஞ்சிய பொருட்களுக்குச் சர்வேயர் ஒரு மதிப்புப் போட்டு அதை உங்கள் தொகையிலிருந்து கழிப்பார். பொருளை முன்பே கொடுத்துவிட்டால் அப்படிக் கழிக்கும் தொகையும் உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது வாடகை. சொந்த வீட்டில் இருப்பவர், அது குடியிருக்கத் தகுதியற்றுப்போன காலத்துக்குக் கொடுக்கும் மாற்று வாடகையை இந்தப் பாலிசி தருகிறது. கட்டடச் சேதத்துக்கான கோரிக்கை ஏற்கப்பட வேண்டும்; மாற்று வீடு அதே ஊரில் இருக்க வேண்டும்; உங்கள் வீட்டைவிட உயர்ந்த தரத்தில் இருக்கக் கூடாது. காப்பீட்டுத் தொகை விவரங்கள் அடங்கிய பாலிசி ஷெட்யூலில் வாடகைக்கென்று தனித் தொகையோ காலமோ குறிக்கப்பட்டிருந்தால் அதற்கு மேல் போகாது. வங்கிக் கடனோடு சேர்த்து எடுத்த பாலிசி என்றால் ஷெட்யூல் பெரும்பாலும் வங்கியின் கோப்பில் இருக்கும். பிரதி கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கோரிக்கை பெரும்பாலும் தடுக்கி விழுவது சான்றிதழில்தான். வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று ஒரு கட்டடக் கலைஞரோ உள்ளாட்சி அமைப்போ சான்று தர வேண்டும் என்று பாலிசி கேட்கிறது. தீயணைப்புத் துறையின் அறிக்கை இருக்கிறதே, போதாதா என்று நினைக்கலாம். அது தீ ஏற்பட்டதைச் சொல்லும். வீட்டில் குடியிருக்க முடியுமா என்பதைச் சொல்லாது. மேஸ்திரியோ ஒப்பந்ததாரரோ எழுதித் தரும் கடிதமும் எடுபடாது. பதிவு பெற்ற கட்டடக் கலைஞரை அழைத்து வாருங்கள். அவர் தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நல்ல இடத்தில் கணீரென்ற ஒலியும் உள்ளே விட்டுப்போன இடத்தில் பொத்தென்ற ஒலியும் வரும். கடும் சூடு பட்ட கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறியிருப்பதும் கண்ணுக்குத் தெரியும். இந்தக் காரணங்களைப் படங்களோடு அவர் எழுதித் தர வேண்டும். 'வீடு சேதமடைந்துள்ளது' என்ற பொதுவான வரி, பின்பக்க அறையில் இருந்திருக்கலாமே என்ற எதிர்க்கேள்விக்கு இடம் கொடுத்துவிடும்.

சான்றிதழில் இன்னும் இரண்டு விவரங்கள் இருப்பது நல்லது. ஒன்று, எந்த நாளிலிருந்து வீடு தகுதியற்றுப்போனது என்பது. நீங்கள் மறுநாளே குடிபெயர்ந்துவிட்டீர்கள். சான்றிதழோ இனிமேல்தான் வரப்போகிறது. விபத்து நாளைக் குறிப்பிட்டு எழுதாவிட்டால் இடைப்பட்ட நாட்களின் வாடகைக்குத் தகராறு வரும். மற்றொன்று, பழுதுபார்க்கத் தேவைப்படும் காலம். அதிகபட்சம் 3 ஆண்டு என்று பாலிசியில் இருந்தாலும், வீட்டைக் குடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவர நியாயமாக எவ்வளவு காலம் ஆகுமோ அதுவரைதான் வாடகை கிடைக்கும். முட்டு, கான்கிரீட், க்யூரிங், பூச்சு, மின்வேலை எல்லாம் சேர்ந்து 5 மாதம் என்று கட்டடக் கலைஞர் கணக்கிட்டால் வாடகை ரூ. 80,000 ஆகிறது. ஒப்பந்ததாரர் நடுவில் வேறு வேலைக்குப் போய் 7 மாதம் இழுத்தால், கடைசி 2 மாதத்து ரூ. 32,000-க்குச் சர்வேயர் காரணம் கேட்பார். இழப்பீடு வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருப்பதிலும் இதே ஆபத்து உண்டு. சர்வேயர் பார்த்து முடித்ததும், பணியைத் தொடங்கலாமா என்று மின்னஞ்சலில் கேட்டு வைத்தால், பிறகு வரும் தாமதம் யாருடையது என்பதற்கு அதுவே சாட்சி.

வாடகை என்றால் வாடகை மட்டும்தான். வீட்டுக்காரருக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வரக்கூடியது. புரோக்கர் கமிஷனும் சாமான் ஏற்றிய வண்டிக்கூலியும் வாடகை ஆகாது. ஒப்பந்தம் எழுதி, வங்கி வழியாகவே வாடகையைக் கொடுங்கள். உறவினர் வீட்டில் வாடகையின்றித் தங்கிய நாட்களுக்குக் கோர எதுவும் இல்லை.

கட்டடக் கலைஞருக்கும் பொறியாளருக்கும் நீங்கள் கொடுக்கும் நியாயமான கட்டணத்துக்குக் கோரிக்கைத் தொகையில் 5 சதவீதம் வரை தனியே இடம் இருக்கிறது. வரைபடம், மேற்பார்வை ஆகியவற்றுக்கான ரசீதுகளையும் சேர்த்தே கொடுங்கள். எந்தத் தலைப்பிலாவது தொகையை மறுத்தால், எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடமும், அங்கே தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் கட்டணமின்றி முறையிடலாம்.